ஸ்க்ரூவைக் கழற்றும் முன்

சார்ஜ் ஏறவில்லை என்று கவுண்டருக்கு வந்த போனிலிருந்து வெளியே வந்தது ஒரு பஞ்சு உருண்டை. மிளகு அளவுகூட இருக்காது. கடைக்காரர் அதை ஒரு வெள்ளைத்தாளின் மேல் வைத்து, போனைக் கொண்டுவந்த டெய்லர் அக்காவின் பக்கம் தாளை நகர்த்தினார். துணி வெட்டும் மேஜையில் நாள் முழுக்கக் கிடக்கும் போன் அது. நூல் பிசிறு கொஞ்சம் கொஞ்சமாக சார்ஜிங் பின்னுக்குள் போயிருக்கிறது. ஒவ்வொரு முறை கேபிளைச் செருகும்போதும் அந்தப் பிசிறு இன்னும் ஆழமாக அழுந்தி, அடியில் ஒரு மெத்தைபோல இறுகிவிட்டது. கேபிள் முழுதாக உட்காரவில்லை. சார்ஜ் விட்டு விட்டு ஏறியது, கடைசியில் நின்றேபோனது.

டெல்டா பக்கம் ஒரு தாலுகா ஊர், பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் வரிசையில் எட்டடிக்குப் பத்தடிக் கடை. போனை எடுத்ததும் அவர் திறக்கவில்லை. முதலில் கடைக் கேபிளைப் போட்டுப் பார்த்தார். பிறகு சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவில் கட்டைவிரல் அளவில் ஒரு யுஎஸ்பி மீட்டரைச் செருகினார். அது 5 வோல்ட் காட்டியது, ஆம்பியர் 0.1 பக்கத்தில் துடித்துக்கொண்டிருந்தது. டார்ச் அடித்துப் பின்னுக்குள் பார்த்தார். போனை ஆஃப் செய்து, சீவிய மரக்குச்சியால் அடியிலிருந்து பஞ்சைக் கிளறி எடுத்தார். குண்டூசி போட்டுக் குத்தினால் நடு நாக்கில் இருக்கும் மெல்லிய தொடுமுனைகள் வளைந்துவிடும். பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பிரஷ்ஷால் துடைத்தார். மறுபடி கேபிளைச் செருகியபோது ‘க்ளிக்’ என்று சத்தம் கேட்டது. மீட்டர் 1.6 ஆம்பியருக்கு ஏறியது.

“நூத்தம்பது ரூபாக்கா.”

“பஞ்சு எடுத்ததுக்கா தம்பி?”

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்பதில்தான் ஒரு செல்போன் சர்வீஸ் கடையின் பிழைப்பு இருக்கிறது. அந்தக் கடையில் விலை இரண்டு பகுதியாக இருக்கிறது. போன் ஜாப் கார்டில் ஏறிவிட்டால் சர்வீஸ் சார்ஜ் 150. பழுதைக் கண்டுபிடிப்பது, சாதாரணமாகக் கழற்றி மாட்டுவது எல்லாம் அதற்குள் அடங்கும். ஸ்பேர் மாற்ற வேண்டியிருந்தால் அதற்குத் தனி விலை. அந்த விலையில் வாங்கிய அசலும் உண்டு, அதன்மேல் வைக்கும் மார்ஜினும் உண்டு. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பல கவுண்டர்களில் நடைமுறை இப்படி இல்லை. “செக்கிங் ஃப்ரீ” என்று போர்டு வைத்துவிட்டு, வருமானம் மொத்தத்தையும் ஸ்பேர் விலைக்குள் அடைத்துவிடுகிறார்கள். வாடிக்கையாளருக்கும் அது இனிப்பாகத்தான் தெரிகிறது.

அந்த இனிப்பின் விலை என்ன என்று கணக்குப் போட்டால் தெரியும். புரிவதற்காக ஒரு சின்ன ஊர்க் கடையை எடுத்துக்கொள்வோம். வாடகை 9,000, கரண்ட் 1,500, உதவிக்கு இருக்கும் பையனுக்குச் சம்பளம் 14,000, கடைக்காரர் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டியது 25,000, பேஸ்ட், பசை, டிப், ஆல்கஹால், டூல் தேய்மானம் என்று 2,500, நெட்டும் சில்லறையும் 1,000. மாதம் 53,000 ரூபாய். 26 நாள் கடை திறந்து நாளுக்கு ஒன்பது போன் வந்தால் மாதம் 234 போன். ஸ்பேர் எதுவும் போடாமலே, ஒரு போன் கவுண்டருக்குள் வந்து போவதற்குக் கடைக்கு ஆகும் செலவு சுமார் 226 ரூபாய்.

இந்த 234-ல் ஸ்பேர் தேவைப்படுவது 130 என்று வைத்துக்கொள்வோம். மீதி 104 போன்களுக்குப் பஞ்சு எடுப்பது, சாஃப்ட்வேர் போடுவது, கழன்ற கனெக்டரை அழுத்துவது, அல்லது “இது சரியாகாது” என்று சொல்லித் திருப்பித் தருவது போன்ற வேலைகள்தான். செக்கிங் இலவசமானால் இந்த 104 பேரும் கடைக்கு ஒரு ரூபாயும் தரமாட்டார்கள். மொத்தப் பாரமும் 130 ஸ்பேர்மேல் விழும். ஸ்பேரின் சராசரி அசல் 800 என்றால் ஒவ்வொன்றின்மேலும் 450 ரூபாய்க்கு மேல் வைத்தாக வேண்டும், அதாவது அசலில் பாதிக்கும் அதிகம். அதே ஸ்பேரை ஆன்லைனில் பார்த்துவிட்டு வருகிறவரிடம் அந்த விலையைச் சொல்லவே வாய் கூசும்.

விலை ஏறுவதைவிடக் கெட்ட விளைவு இன்னொன்று உண்டு. ஸ்பேர் போட்டால்தான் காசு என்றால், கடைக்காரரின் கை ஸ்பேரை நோக்கித்தான் போகும். டெய்லர் அக்காவின் போனையே பாருங்கள். பஞ்சை எடுத்து அனுப்பினால் அரை மணி நேரம் வீண். “சிசி போர்டு போயிடுச்சுக்கா” என்று சொன்னால் அறுநூறு ரூபாய். சார்ஜிங் பின் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்னத் துணைப்பலகை ஒன்றும் ஆகாமலே கழற்றப்படும், புதுசு மாட்டப்படும், போகிற போக்கில் பஞ்சுப் பிரச்சினையும் தீர்ந்துவிடும். போனில் சார்ஜ் ஏறும், அக்காவும் நன்றி சொல்லிவிட்டுப் போவார். ஏமாந்தது அவருக்குத் தெரியவே தெரியாது. இந்தத் தொழிலில் நேர்மையான ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் நேர்மையாக இருந்தால் நஷ்டம் என்று விலைமுறையே சொல்லும்போது, மாதக் கடைசியில் வாடகை நெருக்கும் நாளில், அந்த நேர்மைக்குப் பெரிய சோதனை வருகிறது. பஞ்சு எடுத்ததற்கு 150 வாங்குவது அக்காவுக்கு அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் அந்த 150 இருப்பதால்தான் “இது வெறும் பஞ்சுதான்” என்று அவரிடம் உண்மையைச் சொல்லக் கடைக்கு முடிகிறது.

இதையே கவுண்டரில் எப்படிச் சொல்வது? கடைக்காரர் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. “போன் வாங்கும்போதே சொன்னேன்லக்கா, என்ன பழுதா இருந்தாலும் நூத்தம்பது, ஸ்பேர் வேணும்னா தனின்னு. டாக்டர் ஃபீஸ் தனி, மருந்துக் காசு தனி இல்லையா, அது மாதிரி. உங்களுக்கு மருந்து தேவைப்படல. பதினைஞ்சு நாளுக்குள்ள இதே பிரச்சினை வந்தா சும்மா பாத்துத் தர்றேன்.” அக்கா ஒரு தடவை தாளில் கிடந்த பஞ்சைப் பார்த்தார், ஒரு தடவை மீட்டரைப் பார்த்தார், பணத்தை எடுத்து வைத்தார்.

இந்தப் பேச்சின் பலம் “போன் வாங்கும்போதே சொன்னேன்ல” என்ற சொற்களில் இருக்கிறது. வேலை முடிந்தபின் முதல்முறையாக 150 என்று கேட்டால், டாக்டர் உவமை சொன்னாலும் சண்டைதான் வரும். போன் கைமாறும் நேரத்தில், ஸ்க்ரூவைக் கழற்றும் முன், ஜாப் கார்டில் எழுதியபடியே சொல்லிவிட வேண்டும். அதற்கு முந்தைய நிமிடம் இலவசம். கவுண்டர் மேல் வைத்தே டார்ச் அடித்துப் பார்ப்பது, கேபிளை மாற்றிப் பார்ப்பது, ‘உங்க சார்ஜர்தான் கெட்டுப்போச்சு’ என்று சொல்லி அனுப்புவது எதற்கும் காசு வாங்கக் கூடாது. எங்கிருந்து கட்டணம் தொடங்குகிறது என்று கடைக்காரருக்கே தெளிவாக இருந்தால்தான் வாடிக்கையாளருக்கு அதை விளக்க முடியும்.

பெயரும் முக்கியம். ‘செக்கிங் சார்ஜ்’ என்று எழுதினால் ‘பார்த்ததுக்குக் காசா?’ என்ற கேள்வி தானாக வரும். அந்தப் பணத்தில் கழற்றி மாட்டும் கூலியும் சேர்ந்திருப்பதால் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்பதே சரியான பெயர். டூவீலர் விட்டுப் பழகிய ஊரில் ‘லேபர் தனி, ஸ்பேர் தனி’ என்றாலே போதும், எல்லாருக்கும் விளங்கும்.

அடுத்தது ஸ்பேர் மேல் வைக்கும் மார்ஜின். மாதம் 234 பேரிடம் 150 வாங்கினால் 35,100 வந்துவிடுகிறது. மீதி சுமார் 18,000 ஸ்பேரிலிருந்து வர வேண்டும். இதோடு இன்னொரு செலவையும் சேர்க்க வேண்டும். போட்ட ஸ்பேர் நூற்றுக்கு ஆறு திரும்பி வரும் அல்லது மாட்டும்போதே உடையும் என்று வைத்தால், 130-க்கு எட்டு ஸ்பேர், அசல் விலையில் 6,400 ரூபாய். ஆக, ஒரு ஸ்பேருக்கு ஏறக்குறைய 190 ரூபாய் தேவை. சராசரி அசல் 800-ன் மேல் 25 சதவீதம் வைத்தால் 200 கிடைக்கும். வரவு செலவு நேராகி, கடைக்கு ஆயிரத்துச் சொச்சம் மிஞ்சும்.

இந்த மார்ஜினில் ஏறக்குறைய கால்பங்கு, பழுதாகித் திரும்பி வரும் போன்களுக்காக எடுத்து வைக்கும் பணம் என்பது வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்குத் தெரிவதில்லை. காம்போ என்று சொல்லும் டச்சும் டிஸ்ப்ளேவும் சேர்ந்த பாகம் சென்னை ரிச்சி தெருவிலிருந்து பார்சலில் வருகிறது. வந்ததும் ஒட்டுவதற்கு முன்பே கனெக்டரை மட்டும் மாட்டி, டச் எல்லா மூலையிலும் ஓடுகிறதா, கோடு விழுகிறதா, வெளிச்சம் சமமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த நிலையில் குறை தெரிந்தால் மொத்த வியாபாரி திருப்பி எடுத்துக்கொள்வார். மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலத்தை உரித்து, பசை போட்டு, ஃபிளெக்ஸை மடித்துவிட்டால் பெரும்பாலும் எடுக்கமாட்டார். ‘பிசிக்கல் டேமேஜ்’ என்று திருப்பி அனுப்பிவிடுவார். இருபதாம் நாள் டச் போய் வாடிக்கையாளர் வந்தால், அந்த நஷ்டம் முழுக்கக் கவுண்டரில் இருப்பவர் தலையில்தான். அந்த நாளுக்காகத்தான் ஒவ்வொரு ஸ்பேரிலும் கொஞ்சம் பிடித்து வைக்கிறார்கள்.

இதை மறந்துவிட்டுப் பேரத்துக்கு இறங்கும் கடைக்காரர்கள்தான் அதிகம். 800 ரூபாய் காம்போவுக்கு 1,000 விலை, சர்வீஸ் 150, மொத்தம் 1,150 என்று சொன்னால், “ரவுண்டா ஒரு ஆயிரம் வச்சுக்க தம்பி” என்பது தமிழ்நாட்டில் எந்தக் கவுண்டரிலும் கேட்கும் வார்த்தை. 150 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் ஸ்பேர் விலையில் அதைக் குறைத்தால் இருந்த 200 ரூபாய் மார்ஜினில் முக்கால்வாசி போய்விட்டது. இங்கே ஒரு கணக்குச் சறுக்கலும் உண்டு. அசலின்மேல் 25 சதவீதம் வைத்தால், விற்கும் விலையில் அது 20 சதவீதம்தான். ‘நமக்கு 25 பர்சன்ட் நிக்குது, 20 பர்சன்ட் தள்ளுபடி குடுத்தாலும் அஞ்சு மிஞ்சும்’ என்று நினைத்து 1,000-க்கு 200 தள்ளினால் ஒன்றுமே மிஞ்சாது. அசல் விலைக்கே கொடுத்ததாகிவிடும், அதற்கு மூன்று மாத வாரண்டியும் கொடுத்ததாகிவிடும்.

பழைய வாடிக்கையாளருக்குக் குறைத்தே ஆக வேண்டும் என்றால், ஸ்பேர் விலையைத் தொடாமல் சர்வீஸ் சார்ஜில் குறைப்பதே நல்லது. அதையும் பில்லில் ‘சர்வீஸ் 150, கழிவு 100’ என்று எழுதிக் காட்ட வேண்டும். அடுத்த முறை வரும்போது 150 என்பதுதான் விலை என்று இருவருக்கும் நினைவில் இருக்கும். ஸ்பேர் விலையில் குறைத்தாலோ, ‘அப்போ இவ்வளவு நாளா கூட்டித்தான் சொல்லியிருக்கான்’ என்ற எண்ணம் விழுந்துவிடும்.

எல்லா ஸ்பேருக்கும் ஒரே 25 சதவீதம் சரிப்படாது. 180 ரூபாய் சிசி போர்டுக்கு 25 சதவீதம் என்றால் 45 ரூபாய். அதைத் தேடி வரவழைத்த போன் பேச்சுக்கும் பார்சலுக்குமே அது போதாது. மறுபுறம் 5,000 ரூபாய் அமோலெட் டிஸ்ப்ளேக்கு 1,250 வைத்தால் ஆள் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். அதனால் நிதானமான கடைகளில் மூன்று விதி வைத்துக்கொள்கிறார்கள். குறைந்தபட்ச மார்ஜின் 120. அசல் 2,000 வரை 25 சதவீதம். 2,000-க்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும் 15 சதவீதம். இந்த ‘மட்டும்’ என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. வருமான வரி அடுக்குபோல, முதல் 2,000-க்கு 500, மீதி 3,000-க்கு 450, ஆக மார்ஜின் 950. மொத்தத் தொகைக்கும் 15 சதவீதம் என்று வைத்தால், 2,100 ரூபாய் டிஸ்ப்ளே 2,000 ரூபாய் டிஸ்ப்ளேவைவிட மலிவாக விற்கும் கோளாறு வந்துவிடும்.

அந்த 5,000 ரூபாய் டிஸ்ப்ளே விஷயத்தில் கவுண்டர் பேச்சு இன்னும் கவனமாக நடக்க வேண்டும். கல்லூரிப் பையன் ஒருவன் உடைந்த அமோலெட் போனோடு வருகிறான். அதே மாடலுக்கு 1,800 அசலில் டிஎஃப்டி காம்போவும் கிடைக்கிறது. கடைக்காரர் இரண்டு மொத்தத் தொகையைச் சொல்கிறார். ஒரிஜினல் என்றால் 5,000-மும் 950-மும் 150-மும் சேர்ந்து 6,100. டிஎஃப்டி என்றால் 1,800, 450, 150 சேர்ந்து 2,400. “அண்ணா, இவ்வளவு வித்தியாசமா?” என்று பையன் கேட்கிறான்.

“வித்தியாசம் இருக்குடா தம்பி. உன் போன்ல விரல் வைக்கிற சென்சார் ஸ்க்ரீனுக்கு அடியில இருக்கு. டிஎஃப்டி போட்டா அது வேலை செய்யாது, பின் நம்பர் போட்டுத்தான் திறக்கணும். கருப்பு கொஞ்சம் சாம்பலாத் தெரியும். பேட்டரியும் சீக்கிரம் இறங்கலாம். இதெல்லாம் பரவாயில்லன்னா ரெண்டாயிரத்து நானூறு போதும்.”

ஸ்க்ரீனுக்கு அடியில் இருக்கும் ஆப்டிக்கல் சென்சார், டிஸ்ப்ளேயின் ஊடாக வரும் ஒளியில்தான் விரலைப் பார்க்கிறது. ஓலெட் பலகைகள் அதற்கு இடம் கொடுக்கும். டிஎஃப்டி திரையின் பின்னால் இருக்கும் வெளிச்சப் பலகை அதை மறைத்துவிடும். மாட்டியபின் பையனே கண்டுபிடித்தால் அது ஏமாற்று. முன்பே சொன்னால் அவனாகத் தேர்ந்தெடுத்த மலிவு. ஜாப் கார்டிலும் பில்லிலும் ‘டிஎஃப்டி, ஃபிங்கர்பிரின்ட் வேலை செய்யாது’ என்று எழுதிவிட்டால் பிற்பாடு பேச்சே இல்லை. 5,000 ரூபாய் பாகத்துக்கு முன்பணம் வாங்கிய பிறகே ஆர்டர் போடுவதும் நியாயம்தான். பையன் மனம் மாறினால் அந்த மாடல் டிஸ்ப்ளே கடையின் அலமாரியில் மாதக்கணக்கில் தூங்கும்.

“அசல் என்ன, அதைச் சொல்லுங்க” என்று வற்புறுத்துகிறவர்களும் உண்டு. சொல்ல வேண்டிய கட்டாயம் கடைக்காரருக்கு இல்லை, ஆனால் கோபப்படவும் தேவையில்லை. ஸ்பேரின் விலை, அதன் தரம், எத்தனை நாள் வாரண்டி என்ற மூன்றையும் தெளிவாகச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் அந்தக் கேள்வியே அடங்கிவிடும். அசலைக் குறைத்துப் பொய் சொல்வது மட்டும் கூடவே கூடாது. அந்த விலை கேட்டவரின் கையில் இருக்கும் இன்னொரு போனிலேயே தெரிந்துவிடும்.

ஆன்லைன் விலையைக் காட்டுகிறவரிடம் நடக்கும் பேச்சு இப்போது தினசரி வழக்கமாகிவிட்டது. கடையில் பேட்டரி 750, சர்வீஸ் 150. வந்தவர் திரையை நீட்டுகிறார், அதில் 520. “வாங்கிட்டு வாங்கண்ணே, போட்டுத் தர்றேன். நீங்க கொண்டுவர்ற ஸ்பேருக்குக் கூலி இருநூத்தம்பது. பேட்டரி உப்பினாலோ சார்ஜ் நிக்கலன்னாலோ வித்தவங்ககிட்டதான் கேக்கணும், திரும்பக் கழட்டிப் போட்டா மறுபடி கூலி ஆகும். எங்கிட்ட வாங்கினா மூணு மாசம் என் பொறுப்பு.” ஏன் 150 இல்லாமல் 250? முதலில் பார்த்த கணக்குதான் காரணம். ஒரு போன் வந்து போக ஆகும் உண்மையான செலவு 226. அதில் ஒரு பங்கை ஸ்பேரின் மார்ஜின் சுமப்பதால்தான் கூலி 150-ல் நிற்கிறது. ஸ்பேர் அவருடையது என்றால் அந்தச் சுமையைத் தாங்க வேறு வழியில்லை. வந்தவர் தன் திரையில் இருந்த 520-ஐயும் கூலி 250-ஐயும் கூட்டிப் பார்ப்பார். 770, அதுவும் வாரண்டி இல்லாமல். சிலர் அப்படியே செய்யலாம், அது அவர்கள் உரிமை. இரண்டு எண்ணையும் போர்டிலேயே எழுதிவிட்டால் ‘என்னைப் பார்த்து ஏத்திச் சொல்றான்’ என்ற சந்தேகம் வராது.

இந்த முறை எல்லா வேலைக்கும் பொருந்தாது. தண்ணீரில் விழுந்த போன், போர்டில் ஷார்ட் ஆன போன், ஐசி மாற்ற வேண்டிய போன் இவற்றில் ஸ்பேர் சில நூறு ரூபாய்தான் இருக்கும், உழைப்போ மூன்று மணி நேரம் இருக்கும். பவர் சப்ளையில் போர்டைக் கொடுத்து எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது என்று பார்த்து, எந்த இடம் சூடாகிறது என்று தேடி, மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைத்துச் சூடாக்கி எடுத்து மாட்டுவது 150-க்கும் 25 சதவீதத்துக்கும் அடங்காது. அப்படிப்பட்ட போனுக்கு 150 கட்டணம் பழுது எங்கே என்று சொல்வதோடு முடிகிறது. போர்டு வேலைக்குத் தனித் தொகை சொல்லி, வாடிக்கையாளர் சம்மதித்த பிறகே கை வைக்க வேண்டும்.

கவுண்டரில் மிகக் கடினமான பேச்சும் இங்கேதான் வருகிறது. போன் சரியாகவில்லை, ஆனாலும் 150 கேட்க வேண்டும். “சரியே ஆகலையே, எதுக்குக் காசு?” என்ற கேள்வியில் நியாயம் இருப்பதுபோலவே தோன்றும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 170-ஆம் பிரிவு, ஒப்படைத்த பொருளில் உழைப்பும் திறமையும் செலுத்தியவர் தன் கூலி வரும்வரை அந்தப் பொருளை வைத்துக்கொள்ளலாம் என்கிறது. ஆனால் போனைப் பிடித்து வைக்கும் அளவுக்குப் போனால் அந்த வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார். இங்கே உதவுவது கையில் இருக்கும் காட்சிதான். கழற்றிய போர்டைக் காட்டி, தண்ணீர் பட்டுப் பச்சை பூத்த இடத்தைக் காட்டி, எதையெல்லாம் சோதித்தோம் என்று ஜாப் கார்டில் எழுதியதைப் படித்துக் காட்டினால், 150 எதற்குப் போனது என்று அவருக்கே தெரியும்.

ஜாப் கார்டு இல்லாமல் இந்த விலைமுறை நிற்காது. போனை வாங்கும்போதே `*#06#` அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்ணின் கடைசி ஆறு இலக்கத்தை எழுதிக்கொள்ள வேண்டும். டச், கேமரா, ஸ்பீக்கர், நெட்வொர்க், விரல் சென்சார் ஒவ்வொன்றும் வேலை செய்கிறதா என்று வந்தவர் முன்னாலேயே பார்த்துக் குறிக்க வேண்டும். ‘குடுக்கும்போது கேமரா நல்லாத்தான் இருந்துச்சு’ என்ற தகராறுக்கு வேறு மருந்தில்லை. உத்தேசத் தொகையையும், ‘இதற்கு மேல் போனால் கேட்டுவிட்டுத்தான் செய்வோம்’ என்பதையும் எழுதி, ஒரு பிரதியைக் கொடுத்துவிட வேண்டும். மாற்றிய பழைய பாகத்தைக் கவரில் போட்டுக் கையில் தருவது நல்ல பழக்கம். உப்பிய பேட்டரி மட்டும் விலக்கு. அதை வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது.

பில் கொடுக்காமல் விடுவதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக முறை என்றே சொல்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதையும் அப்படியே சொல்கிறது. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள் என்று எடுத்துக்கொள்கிறது. ஆகவே வாரண்டியே இல்லை என்று வாயால் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பதைவிட, எத்தனை நாள், எதற்கு உண்டு, எதற்கு இல்லை என்று எழுதிக் கொடுப்பது கடைக்கும் பாதுகாப்பு. சர்வீஸ் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டிய கடை ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டும். வழக்கமான முறையில் பதிவானால் 18 சதவீத வரி சேரும். அந்தக் கடையின் போர்டில் 150 என்பது வரியோடு சேர்த்தா, வரி தனியா என்று தெரிய வேண்டும்.

டெய்லர் அக்கா போன மறுவாரம் அதே கடைக்கு ஒரு மெக்கானிக் வந்தார். அவருடைய போனிலும் சார்ஜ் ஏறவில்லை. பஞ்சு இல்லை. பின் கவரைத் திறந்து, கடையில் சோதனைக்கென்றே வைத்திருக்கும் நல்ல சிசி போர்டை மாட்டிப் பார்த்ததும் மீட்டர் ஏறியது. அதன் பிறகே புதுப் போர்டு எடுத்துப் போட்டார்கள். பழுது போர்டில்தான், மேலே மெயின் போர்டில் இல்லை என்று உறுதிப்படுத்தும் வழி இது. அசல் 180, மார்ஜின் 120, சர்வீஸ் 150, மொத்தம் 450. மூன்று மாத வாரண்டி என்று பில்லில் எழுதினார்கள்.

ஐந்தாவது வாரம் அவர் திரும்பி வந்தார். மறுபடி சார்ஜ் ஏறவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த பில்லை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். கடைக்காரர் ஐஎம்இஐ பார்த்தார், மீட்டரைச் செருகினார், திறந்தார். பின்னின் ஒரு கால் பற்றுவிட்டு நின்றது. புதுப் போர்டு போட்டு, மீட்டரைக் காட்டி, பில்லின் பின்புறம் தேதி எழுதிக் கொடுத்தார். “எவ்வளவுண்ணே?” என்று மெக்கானிக் கேட்டார். “ஒண்ணும் இல்லண்ணே, வாரண்டி.” அவர் போனதும் கடைக்காரர் கல்லாவுக்கு அடியிலிருந்த நோட்டை எடுத்து, ‘வாரண்டியில் போனது’ என்ற பக்கத்தில் அன்றைய தேதிக்கு நேராக 180 என்று எழுதினார்.